பத்திர விலையிலிருந்து ஃபார்வர்ட் விகிதம் வரை: தேர்வு அறையில் எந்த வழியில் செல்வது?

சிஎஃப்ஏ, எஃப்ஆர்எம், ஆக்சுவரி சிஎம்1 ஆகிய மூன்றில் எதற்குப் படித்தாலும் கடன் பத்திரப் பகுதியில் ஒரு கேள்வி தவறாமல் எதிரே வந்து நிற்கும். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டுப் பத்திரங்களின் விலைகளைத் தந்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்கான ஃபார்வர்ட் விகிதம் என்ன என்று அது கேட்கும். இதற்குப் பாடநூல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைச் சொல்லித்தருகின்றன. எதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்வது என்று தெரியாமல், நான்கையும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு தேர்வு அறையில் தடுமாறுபவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அவர்களுக்காக அந்த நான்கு வழிகளையும் ஒரே கணக்கில் ஓட்டிப் பார்ப்பதே இக்கட்டுரை.

கணக்கு இதுதான். மூன்று பத்திரங்களுக்கும் முகமதிப்பு 100. கூப்பன் ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டு முடிவில் கிடைக்கும்.

| பத்திரம் | முதிர்வு | கூப்பன் | விலை |
|---|---|---|---|
| அ | 1 ஆண்டு | இல்லை | 95.24 |
| ஆ | 2 ஆண்டு | 5% | 98.21 |
| இ | 3 ஆண்டு | 8% | 102.90 |

தேவைப்படுவது, இன்றிலிருந்து ஈராண்டு கழித்துத் தொடங்கி ஓராண்டு நீடிக்கும் கடனுக்கு இன்றைய விலைகளுக்குள் பொதிந்திருக்கும் வட்டி விகிதம். சிஎஃப்ஏ எழுதுபவர்கள் இதை 2y1y என்று குறிப்பார்கள்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதல் அளவுகோல் நேரம். சிஎஃப்ஏ முதல் நிலையில் 135 நிமிடத்தில் 90 கேள்விகள் என்பதால் ஒரு கேள்விக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். எஃப்ஆர்எம் முதல் பகுதியில் 4 மணி நேரத்தில் 100 கேள்விகள். அங்கே சற்று மூச்சு விடலாம். சிஎம்1 எழுத்துத் தேர்வில் செய்முறைக்கே மதிப்பெண் உண்டு என்பதால், வேகத்தைவிடச் சமன்பாடு தெளிவாகத் தாளில் இருப்பது முக்கியம்.

இரண்டாவது, இடையில் எண்களைச் சுருக்கி எழுதினால் விடை எவ்வளவு நகர்கிறது என்பது. பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் வழிகளுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, கேள்வி எதைத் தருகிறது என்பது: விலைகளையா, ஸ்பாட் விகிதங்களையா, ஒரே முதிர்வுள்ள இரண்டு பத்திரங்களையா? நான்காவது, தவறு செய்துவிட்டால் அது தானாக வெளியே தெரியுமா, அல்லது சரியான விடையைப் போலவே தோற்றமளித்து ஏமாற்றுமா என்பது.

## வழி 1: ஸ்பாட் விகிதங்களை ஒவ்வொன்றாக எடுப்பது

பெரும்பாலானோர் முதலில் கற்பது இதைத்தான். ஓராண்டுப் பத்திரத்திலிருந்து ஓராண்டு ஸ்பாட் விகிதம், அதைப் பயன்படுத்தி ஈராண்டு ஸ்பாட், அவ்விரண்டையும் பயன்படுத்தி மூவாண்டு ஸ்பாட் என்று படிப்படியாக ஏறுவதால் இதைப் பூட்ஸ்ட்ராப்பிங் என்கிறார்கள்.

அ பத்திரத்தில் 100-ஐ 95.24-ஆல் வகுத்தால் s1 = 5.00%. ஆ பத்திரத்தின் முதல் கூப்பனை 5%-இல் தள்ளுபடி செய்தால் 4.762 கிடைக்கிறது, அதை விலையிலிருந்து கழித்தால் மீதி 93.448. அந்த 93.448 ஈராண்டில் 105 ஆக வளர வேண்டும் என்பதால், வகுத்து வர்க்கமூலம் எடுக்க s2 = 6.00%. இ பத்திரத்தின் முதல் இரு கூப்பன்களின் இன்றைய மதிப்பு 7.619 மற்றும் 7.120, மீதி 88.161, மூவாண்டில் 108 ஆக வேண்டும்; கனமூலம் எடுக்க s3 = 7.00%. கடைசிப் படி:

```
f = (1.07)^3 / (1.06)^2 − 1 = 1.225043 / 1.1236 − 1 = 9.03%
```

இந்த வழியின் வலிமை, ஒவ்வொரு படியிலும் கையில் இருப்பது பொருள் விளங்கும் ஓர் எண் என்பது. 5, 6, 7 என்று விகிதங்கள் ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. இடையில் 11% என்று ஏதாவது வந்தால் உடனே சந்தேகம் எழும்.

ஆனால் கடைசி இரண்டு படிகளைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 108-ஐ 88.161-ஆல் வகுத்தபோதே 1.22503 கிடைத்துவிட்டது. அதற்குக் கனமூலம் எடுத்து 7% ஆக்கினோம். பிறகு ஃபார்வர்ட் விகிதத்துக்காக அதே 7%-ஐ மீண்டும் மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி 1.22504-க்கே திரும்பி வந்தோம். ஏறிய ஏணியிலேயே இறங்கியிருக்கிறோம். கேள்வி ஸ்பாட் விகிதத்தைக் கேட்கவே இல்லை என்றால் இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் வீண்.

வீண் வேலை மட்டுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அது பிழையையும் பெருக்குகிறது. n ஆண்டு ஸ்பாட் விகிதத்தில் செய்யும் சிறு பிழை, n-ஆம் ஆண்டு ஃபார்வர்டில் ஏறத்தாழ n மடங்காக வெளிப்படும். மூவாண்டு ஸ்பாட் உண்மையில் 7.04% ஆக இருந்து அதை ஒருவர் 7.0% என்று எழுதிக்கொண்டால், ஃபார்வர்ட் விகிதம் 0.12 சதவீதப் புள்ளி குறைந்துவிடும். பத்தாவது ஆண்டுக்கான கேள்வியில் அதே பிழை 0.4 ஆகும். இங்கே எடுத்துக்கொண்ட கணக்கில் 5, 6, 7 என்று முழு எண்கள் வருமாறு விலைகளை அமைத்திருப்பதால் அந்தச் சேதம் தெரியவில்லை. தேர்வில் 6.37%, 7.04% போன்ற எண்களே வரும், அங்கே தெரியும்.

இந்த வழி சிறந்து விளங்கும் இடங்களும் உண்டு. கேள்வி விலைகளைத் தராமல் ஸ்பாட் விகிதங்களையே நேரடியாகத் தந்தால், இதைவிட எளிய பாதை கிடையாது. ஸ்பாட் விகிதத்தையும் ஃபார்வர்டையும் தனித்தனிப் பகுதிகளாகக் கேட்கும் சிஎம்1 வகைக் கேள்விகளிலும் இதுவே இயல்பானது.

## வழி 2: தள்ளுபடிக் காரணிகளோடு நிற்பது

தள்ளுபடிக் காரணி என்பது n ஆண்டு கழித்துக் கிடைக்கும் ஒரு ரூபாயின் இன்றைய விலை. அதை d என்று குறித்தால், பத்திரத்தின் விலைச் சமன்பாடு அடுக்குகள் ஏதுமற்ற நேர்கோட்டுச் சமன்பாடாகிவிடும்: கூப்பனை d-களின் கூட்டுத்தொகையால் பெருக்கி, கடைசி d-யின் 100 மடங்கைச் சேர்த்தால் விலை. வர்க்கமூலமோ கனமூலமோ எங்கும் தேவையில்லை.

```
d1 = 95.24 / 100                       = 0.952400
d2 = (98.21 − 5 × d1) / 105            = 0.889981
d3 = (102.90 − 8 × (d1 + d2)) / 108    = 0.816305
f  = d2 / d3 − 1                       = 9.03%
```

கணக்கு இவ்வளவுதான். ஈராண்டு கழித்து ஒரு ரூபாய் பெறுவதற்கு இன்று 0.889981 கொடுக்க வேண்டும்; மூவாண்டு கழித்துப் பெறுவதற்கு 0.816305. முன்னதை விற்று அந்தப் பணத்துக்குப் பின்னதை வாங்கினால் இன்று கையிலிருந்து ஒன்றும் போகாது. ஈராண்டு முடிவில் 1 ரூபாய் கொடுத்து, மூவாண்டு முடிவில் 1.0903 பெறுவோம். இன்றே உறுதி செய்துகொண்ட அந்த வளர்ச்சிதான் ஃபார்வர்ட் விகிதம். சூத்திரம் மறந்துபோனாலும் இந்த வணிகத்தை நினைவில் வைத்திருந்தால் எதை எதால் வகுப்பது என்பது மறக்காது.

பிழை விஷயத்தில் இந்த வழி அமைதியானது. காரணியை நான்கு தசமத்தில் சுருக்கினால் ஒவ்வொன்றிலும் அதிகபட்சப் பிழை 0.00005, அது ஃபார்வர்ட் விகிதத்தில் ஏறத்தாழ 0.006 சதவீதப் புள்ளியாகவே வெளிப்படும். ஆண்டு எண் கூடினாலும் இது முதல் வழியைப் போல அத்தனை மடங்கு பெருகாது. காரணி சிறுத்துக்கொண்டே போகும் அளவுக்கு மெல்லக் கூடும், அவ்வளவே. ஆறு தசமம் வைத்துக்கொண்டால் கவலையே இல்லை.

மறைமுகச் செலவுகள் மூன்று. முதலாவது கால்குலேட்டர். சிஎஃப்ஏ அனுமதிக்கும் பிஏ II ப்ளஸ் கருவி, வாங்கியபடியே இருந்தால் இரண்டு தசமங்களை மட்டுமே திரையில் காட்டும். உள்ளே முழு எண் இருக்கிறது; ஆனால் திரையில் கண்டதைத் தாளில் எழுதி மறுபடி தட்டச்சு செய்பவருக்கு d2 = 0.89, d3 = 0.82 என்றே கிடைக்கும், விடை 8.54% ஆகிவிடும். காரணிகள் எல்லாம் ஒன்றுக்குக் கீழான எண்கள் என்பதால், இரண்டு தசமம் இந்த வழிக்கு நஞ்சு. `2ND FORMAT` சென்று தசமத்தை 6 ஆக்கிக்கொள்வதும், காரணிகளை `STO` விசையால் நினைவகத்தில் வைத்துக்கொள்வதும் இதற்கு மருந்து. அதே இடத்தில் Chn என்ற அமைப்பும் இருக்கும்; அதில் கருவி பெருக்கலுக்கு முன்னுரிமை தராமல் தட்டிய வரிசையிலேயே கணக்கிடும், அதாவது 2 + 3 × 4 என்றால் 20 என்று சொல்லும். மேலே d3-க்கான வரியை அப்படியே இடமிருந்து வலமாகத் தட்டினால் என்ன ஆகும் என்பதை யூகித்துக்கொள்ளலாம். AOS என்று மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது செலவு, தலைகீழாக வகுத்துவிடுவது. d3-ஐ d2-ஆல் வகுத்தால் −8.28% வரும். குறி எதிர்மறையாக இருப்பதால் இந்தத் தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனவே இதைப் பெரிய ஆபத்தாக நான் கருதவில்லை. மூன்றாவதுதான் உண்மையில் மதிப்பெண்ணைப் பறிப்பது. ஓராண்டு கழித்துத் தொடங்கி ஈராண்டு நீடிக்கும் விகிதத்தைக் கேட்டால், d1-ஐ d3-ஆல் வகுக்க 1.1667 கிடைக்கும். அது ஈராண்டு முழுவதற்குமான வளர்ச்சி. ஆண்டு விகிதம் வேண்டுமானால் வர்க்கமூலம் எடுத்து 8.01% என்று எழுத வேண்டும். முழு வழியிலும் மூலம் தேவைப்படும் ஒரே இடம் இதுதான் என்பதாலேயே மறந்துபோகிறது.

குறியீடு பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சிஎம்1 பாடத்திட்டத்தில் f-க்குக் கீழே 1, 2 என்று எழுதினால் ஓராண்டு கழித்துத் தொடங்கி *இரண்டு ஆண்டுகள்* நீடிப்பது, அதாவது நம் கணக்கில் 8.01%. வேறு பல பாடநூல்களில் அதே 1, 2 என்பது முதலாம் ஆண்டு முடிவிலிருந்து *இரண்டாம் ஆண்டு முடிவு வரை*, அதாவது d1/d2 − 1 = 7.01%. ஒரே குறியீடு, இரண்டு விடைகள். இரண்டு தேர்வுகளுக்கும் ஒரே சமயத்தில் படிப்பவர்கள் குறியீட்டை நம்பாமல், தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் ஒரு கோட்டில் குறித்துக்கொள்வது நல்லது.

## வழி 3: ஒரே முதிர்வுள்ள இரண்டு பத்திரங்களைக் கழிப்பது

முதல் இரண்டு வழிகளும் ஓராண்டுப் பத்திரம் இல்லாமல் நகர மாட்டா. சில கேள்விகள் வேண்டுமென்றே அதைத் தராமல், ஒரே முதிர்வுள்ள, கூப்பன் மட்டும் வேறுபடும் இரண்டு பத்திரங்களைத் தரும். நம் ஆ பத்திரத்தோடு, 10% கூப்பன் உள்ள மற்றோர் ஈராண்டுப் பத்திரம் 107.42 விலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அ பத்திரம் இல்லை.

5% பத்திரத்தில் இரண்டை வாங்கி 10% பத்திரத்தில் ஒன்றை விற்றால், கூப்பன்கள் இரு ஆண்டுகளிலும் 10-க்கு 10 என்று கழிந்துபோகும். மிஞ்சுவது ஈராண்டு முடிவில் 200 − 100 = 100 மட்டுமே. அதற்கு இன்றைய செலவு 196.42 − 107.42 = 89.00. ஆக d2 = 0.8900, s2 = 6.00%. கூப்பன் பத்திரங்கள் இரண்டிலிருந்து நாமே ஒரு ஜீரோ கூப்பன் பத்திரத்தைச் செய்துவிட்டோம். அமெரிக்க அரசு 1985 முதல் தன் பத்திரங்களின் கூப்பன்களைப் பிரித்துத் தனித்தனியே வைத்திருக்க ஸ்ட்ரிப்ஸ் என்ற பெயரில் வழி செய்திருப்பதால் சந்தையில் ஜீரோக்கள் நேரடியாகவே கிடைக்கின்றன. தேர்வில் அந்த வசதி இல்லாதபோது இந்தக் கழித்தல்தான் வழி.

இதுவரை அழகாக இருக்கிறது. ஆனால் கேள்வி அடுத்து ஓராண்டு ஸ்பாட் விகிதத்தையோ முதல் ஆண்டுக்குப் பிந்தைய ஃபார்வர்டையோ கேட்டால், இதே வழி நம்மைச் சங்கடத்தில் மாட்டிவிடும். 5 × d1 = 98.21 − 105 × 0.89 = 4.76; d1 = 0.952; s1 = 5.04%. முதல் வழியில் 5.00% வந்தது, இங்கே 5.04%. எங்கும் தவறு செய்யவில்லை. விலைகள் இரண்டு தசமத்துக்குச் சுருக்கப்பட்டதுதான் காரணம். பெரிய தொகையிலிருந்து ஏறத்தாழ அதே அளவுள்ள பெரிய தொகையைக் கழித்து, மிஞ்சிய சிறு எண்ணை வெறும் 5-ஆல் வகுக்கும்போது, விலையில் இருந்த அரைக் காசுப் பிழைகூட ஊதிப் பெருகுகிறது. இரண்டு விலைகளிலும் சுருக்கம் எதிரெதிர்த் திசையில் அமைந்துவிட்டால், s1 ஏறத்தாழ 0.24 சதவீதப் புள்ளி வரை விலகக்கூடும். ஃபார்வர்ட் விகிதமும் 7.01%-க்குப் பதில் 6.97% என்று வருகிறது.

இதிலிருந்து தேர்வுக்குப் பயன்படும் முடிவு என்னவென்றால், நீண்ட முதிர்வின் விகிதத்தைக் கேட்டால் இந்த வழி கூர்மையானது. அதே இரண்டு பத்திரங்களிலிருந்து குறுகிய முதிர்வின் விகிதத்தைக் கேட்டால் விடைத் தெரிவுகளில் நமக்கு வந்த எண் அப்படியே இல்லாவிட்டாலும் பதற வேண்டியதில்லை, மிக அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். மூவாண்டுப் பத்திரமும் ஓராண்டுப் பத்திரமும் மட்டும் தந்து, இடையில் ஈராண்டு இல்லாமல் விட்டால் இந்த வழியும் கைகொடுக்காது. அத்தகைய கேள்வி, ஈராண்டு விகிதத்தை எப்படி இட்டு நிரப்புவது என்பதைத் தானே சொல்லியிருக்கும். அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

## வழி 4: குறுக்கு வழிகள் இரண்டு, அவற்றில் ஒன்று பொறி

முதல் குறுக்கு வழி நேர்மையானது. மூன்றாம் ஆண்டு ஃபார்வர்ட் ஏறத்தாழ 3 × s3 − 2 × s2. நம் கணக்கில் 21 − 12 = 9.00%. உண்மை விடை 9.03%. பெருக்கு வளர்ச்சியைக் கூட்டலாகப் பாவிப்பதால் 0.03 குறைகிறது, விகிதங்கள் ஒன்றுக்கொன்று விலக விலக இந்தக் குறைவு கூடும். தெரிவுகள் 8.0, 9.0, 10.1 என்று தள்ளித் தள்ளி இருந்தால் இதுவே போதும், பத்து விநாடி வேலை. ஆனால் 9.00%-உம் 9.03%-உம் அருகருகே தெரிவுகளாக இருந்தால், இந்த வழியில் வருபவரைப் பிடிப்பதற்காகவே முதலாவது வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது குறுக்கு வழி, ஒவ்வொரு பத்திரத்தின் ஒய்டிஎம்-ஐக் கால்குலேட்டரில் கண்டுபிடித்து அதையே ஸ்பாட் விகிதமாக வைத்துக்கொள்வது. PV, PMT, FV, N என்று நான்கு விசைகளில் விடை வந்துவிடுவதால் இது மிகவும் கவர்ச்சியானது. ஆ பத்திரத்துக்கு 5.98%, இ பத்திரத்துக்கு 6.90% என்று வரும். ஸ்பாட் விகிதங்களான 6.00, 7.00 ஆகியவற்றுக்கு அருகில் இருப்பதால் சந்தேகமும் எழாது. ஆனால் இவற்றிலிருந்து எடுக்கும் ஃபார்வர்ட் 8.76%, சரியான விடையிலிருந்து 0.27 சதவீதப் புள்ளி விலகல்.

ஏன் இப்படி? ஒய்டிஎம் ஒரு பத்திரத்தின் எல்லா வரவுகளையும் ஒரே விகிதத்தில் தள்ளுபடி செய்கிறது. விகிதங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறும்போது, முதலிரு கூப்பன்கள் 5%, 6% என்ற தாழ்ந்த விகிதங்களில் மதிப்பிடப்பட வேண்டியவை. அவை சராசரியைக் கீழே இழுப்பதால் மூவாண்டு ஒய்டிஎம், மூவாண்டு ஸ்பாட்டுக்குக் கீழே நின்றுவிடுகிறது. கூப்பன் பெரிதாகப் பெரிதாக இழுப்பும் பெரிதாகும். அந்த 0.10 குறைவு, முன்பு சொன்ன மும்மடங்குப் பெருக்கத்தால் ஃபார்வர்டில் 0.3 அளவுக்கு வளர்கிறது. ஈராண்டில் உள்ள சிறு குறைவு அதில் கொஞ்சத்தை ஈடுகட்டுகிறது. விகிதங்கள் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் காலத்தில் எல்லாம் நேர்மாறாக நிகழும். ஒய்டிஎம்-உம் ஸ்பாட்டும் ஒன்றாக இருப்பது, பத்திரம் ஜீரோ கூப்பனாக இருக்கும்போதும், எல்லா முதிர்வுக்கும் ஒரே விகிதம் நிலவும்போதும் மட்டுமே. நான்காவது அளவுகோலின்படி இதுவே மிக மோசமான தவறு: குறி மாறாது, அளவு நம்பத்தகுந்ததாக இருக்கும், தெரிவுகளில் அந்த எண் காத்துக்கொண்டும் இருக்கும்.

## எல்லா வழிகளுக்கும் பொதுவான ஒரு சிக்கல்: ஆண்டுக்கு எத்தனை முறை?

அமெரிக்கக் கருவூலப் பத்திரங்களும் இந்திய அரசுப் பத்திரங்களும் கூப்பனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தருகின்றன. எஃப்ஆர்எம் கேள்விகள் பெரும்பாலும் அந்த மரபில் அமைகின்றன. ஓராண்டுக்கான காரணி 0.9518, ஒன்றரை ஆண்டுக்கான காரணி 0.9246 என்று இருந்தால், முன்னதைப் பின்னதால் வகுக்க 1.02942 கிடைக்கும். இதற்குமேல் விடை எந்த மரபில் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அரையாண்டுக் கூட்டு மரபில் 2.942-ஐ இரட்டிப்பாக்கி 5.88%, பயனுறு ஆண்டு விகிதமாக வர்க்கப்படுத்தி 5.97%, தொடர் கூட்டு மரபில் இயல் மடக்கை எடுத்து 0.5-ஆல் வகுத்து 5.80%. மூன்றும் ஒரே கடனின் ஒரே விலைதான். பேசும் மொழி மட்டுமே வேறு.

இந்த இடத்தில் காரணி வழிக்கு ஒரு தெளிவான அனுகூலம் உண்டு. காரணிகளுக்கு மரபு கிடையாது, 0.9246 என்பது எந்தக் கூட்டு மரபிலும் 0.9246-தான். மரபைப் பற்றி யோசிக்க வேண்டியது கடைசிப் படியில் ஒருமுறை மட்டுமே. ஸ்பாட் வழியில் வருபவர், விகிதத்தைப் பாதியாக்குவதையும் அடுக்கை இரட்டிப்பாக்குவதையும் ஒவ்வொரு படியிலும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை மறந்தால் அடுத்த எல்லாப் படிகளும் சேர்ந்து சாயும். தொடர் கூட்டு மரபில் மட்டும் கூட்டல் குறுக்கு வழி தோராயமாக இல்லாமல் துல்லியமாகிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்: அங்கே 3 × s3 − 2 × s2 என்பதுதான் சரியான சூத்திரமே.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஸ்பாட் ஏணி | தள்ளுபடிக் காரணி | இரு பத்திரக் கழித்தல் | 3s3 − 2s2 |
|---|---|---|---|---|
| எது தரப்பட்டால் ஏற்றது | ஸ்பாட் விகிதங்கள் | எல்லா முதிர்வுக்கும் விலைகள் | ஒரே முதிர்வில் இரு கூப்பன்கள் | ஸ்பாட் விகிதங்கள், விலகிய தெரிவுகள் |
| நேரம் | அதிகம் | குறைவு | மிகக் குறைவு | சில விநாடிகள் |
| சுருக்கப் பிழை | n மடங்கு பெருகும் | ஏறத்தாழ நிலையானது | நீண்ட முதிர்வில் சிறிது, குறுகியதில் பெரிது | வழியே தோராயம் |
| தவறு வெளியே தெரியுமா | ஓரளவு | பெரும்பாலும் தெரியும் | தெரியாது | தெரியாது |
| அரையாண்டுக் கூப்பன் | ஒவ்வொரு படியிலும் கவனம் | கடைசிப் படியில் மட்டும் | கடைசிப் படியில் மட்டும் | தொடர் கூட்டில் துல்லியம் |

## எவருக்கு எது

விலைகள் தரப்பட்டிருந்தால் என் தெரிவு தயக்கமின்றி இரண்டாவது வழிதான். கேள்வி ஸ்பாட் விகிதத்தையும் கேட்டாலும் காரணிகளையே முதலில் எடுத்து, கேட்கப்பட்ட முதிர்வுக்கு மட்டும் மூலம் எடுத்துக்கொள்ளலாம். பார் விகிதங்கள் தரப்பட்டிருந்தாலும் இதே வழிதான்: விலை 100, கூப்பன் பார் விகிதம் என்று வைத்துக்கொண்டால் சமன்பாடு மாறுவதில்லை. ஸ்பாட் விகிதங்கள் தரப்பட்டிருந்தால் அவற்றைக் காரணிகளாக மாற்றுவது வீண் சுற்று. முதல் வழியின் கடைசி வரியை நேரடியாக எழுதிவிடலாம், அதற்கு முன் 3s3 − 2s2-ஐ மனத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டால் தெரிவுகளில் ஒன்று அப்போதே விழுந்துவிடும். ஒரே முதிர்வில் இரண்டு பத்திரங்களைக் கண்டால் கழித்தல்.

சிஎம்1 எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம். காரணி வழியில் செய்தாலும் விலைச் சமன்பாட்டை ஒருமுறை முழுதாக எழுதி, d என்பது எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்; எண்களை மட்டும் அடுக்கினால் செய்முறைக்கான மதிப்பெண் ஐயத்துக்குள்ளாகும். அங்கே நேரமும் இருப்பதால், கிடைத்த ஃபார்வர்ட் விகிதங்களை வைத்து மூவாண்டுப் பத்திரத்தை மறுபடி விலையிட்டுப் பார்க்கலாம். 8-ஐ 1.05-ஆல் வகுத்து, அடுத்த 8-ஐ 1.05 × 1.0701-ஆல் வகுத்து, 108-ஐ 1.05 × 1.0701 × 1.0903-ஆல் வகுத்துக் கூட்டினால் 102.90 வர வேண்டும். மூன்றாம் ஆண்டுக்கு 8.76%-ஐ வைத்துக்கொண்டு இதே சோதனையைச் செய்பவருக்கு 103.12 வரும், ஒய்டிஎம் பொறியில் விழுந்ததை அவர் அங்கேயே கண்டுகொள்வார்.